ஏலகிரியில் முட்டை நடுவில் வேகவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

வேலூரிலோ ஆம்பூரிலோ கை பழகியவர்கள் ஏலகிரிக்கு ஏறி அடுப்புப் பற்றவைத்தால் முதலில் வரும் புகார் இதுதான்: "கீழே பத்து நிமிஷத்தில் வெந்தது, இங்கே வேக மாட்டேங்குது." உடனே மலையின் மேல் பழி போட்டு நேரத்தை இரட்டிப்பாக்கிவிடுகிறார்கள். முட்டை ரப்பராகி, மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை படிந்து வருகிறது. மலைக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் நினைப்பதைவிடச் சின்னப் பங்கு.

வேலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 215 மீட்டர். அங்கே தண்ணீர் 99 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கிறது. ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும். 725 மீட்டரில் இருக்கும் ஜவ்வாது மலைக் காவலூரில் 97.5 டிகிரி, 1,100 மீட்டரில் இருக்கும் ஏலகிரியில் 96 டிகிரிக்குச் சற்று மேல், 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் 92.5 டிகிரி என்று வரும். மஞ்சள் கரு 70 டிகிரிக்கு முன்பாகவே இறுகிவிடும். வெள்ளைக் கரு முழுக்க உறுதிப்பட 80 டிகிரியைக் கொஞ்சம் தாண்டினால் போதும். ஆக ஊட்டியிலும் முட்டை வெந்தே தீரும், சூடு நடுவுக்குப் போய்ச் சேரத்தான் தாமதம்.

அடிப்படைக் கணக்கு இது. 55 கிராம் பண்ணை முட்டை, அறையில் இருந்தது, கொதிக்கும் நீரில் இறக்கியது, நீர் மறுபடி கொதித்த நொடியிலிருந்து எண்ணுவது. கெட்டியாக வேக வேலூரில் 10 நிமிடம், காவலூரில் பத்தரை, ஏலகிரியில் 11. அதாவது பதினான்கு கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்ததற்கு மலை கேட்கும் கூலி ஒரே ஒரு நிமிடம். ஊட்டியில் 12 முதல் 13. இதைவிட அதிகமாக உங்கள் முட்டை கேட்கிறது என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. அதைத்தான் கீழே ஒவ்வொன்றாகத் தேடுகிறோம்.

(ஓட்டல் ஆஃப் பாயிலுக்கும் ஆம்லெட்டுக்கும் இதில் வேலை இல்லை. தோசைக்கல்லின் சூடு மலை ஏறினாலும் மாறாது.)

## அறிகுறி 1: வெள்ளை கெட்டி, மஞ்சள் கருவின் நடுவில் மட்டும் ஈரம்

முட்டையை நூலால் இரண்டாக அறுத்துப் பாருங்கள். கத்தி மஞ்சள் கருவை இழுத்துப் பூசிவிடும், நூல் பூசாது. ஓரமெல்லாம் வெளிர் மஞ்சளாக உதிர்ந்து, நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு அடர் ஆரஞ்சு நிறத்தில், தொட்டால் விரலில் ஒட்டும்படி ஒரு வட்டம் தெரிந்தால் அதுதான் இந்தக் கோளாறு. தரையில் சுழற்றிப் பார்க்கும் சோதனை இதற்கு உதவாது. இந்த அளவு வெந்த முட்டை நன்றாகவே சுழலும்.

முதலில் ஒரு கேள்வி: எல்லா முட்டையிலும் இப்படியா, சிலவற்றில் மட்டுமா?

### சிலவற்றில் மட்டும் என்றால்

அளவைப் பாருங்கள். ஒரே அட்டையில் 45 கிராமும் 60 கிராமும் கலந்து வருவது சாதாரணம். பெரியதற்குச் சிறியதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நேரம் கூடுதலாக வேண்டும், 10 நிமிட வேலையில் அது 2 நிமிடம். இந்த வித்தியாசம் ஏலகிரி உயரம் தரும் வித்தியாசத்தைவிடப் பெரிது. பெரியதைத் தனியே பிரித்து முதலில் இறக்குங்கள், சிறியதை 2 நிமிடம் கழித்து. மலையில் கிடைக்கும் நாட்டுக்கோழி முட்டை 40 கிராம் அளவில்தான் இருக்கும், அதற்கு ஏலகிரியிலேயே 9 நிமிடம் போதும்.

அளவு ஒன்றுதான் என்றால் பாத்திரத்தைப் பாருங்கள். இரண்டு அடுக்காகப் போட்டு, மேல் அடுக்கு தண்ணீருக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தால் அந்த முட்டைகள்தான் பின்தங்கும். மேலே கிடக்கும் முட்டைக்கு மேல் ஒரு விரற்கடை தண்ணீர் நிற்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க வற்றும் என்பதால் மூடி போடுங்கள்.

### எல்லாவற்றிலும் என்றால்

எண்ணத் தொடங்கிய நேரம். பத்துக்கு எட்டுப் பேர் தவறுவது இங்கேதான். முட்டையை இறக்கியதும் கடிகாரத்தைப் பார்க்கிறோம், ஆனால் குளிர்ந்த முட்டை விழுந்ததும் கொதி அடங்கிவிடுகிறது. வீட்டில் ஒன்றரை லிட்டரில் 4 முட்டை போட்டால் நீர் 90 டிகிரிக்குக் கீழே இறங்கும், மறுபடி தளதளக்க ஒன்று ஒன்றரை நிமிடம் ஆகும். அது தாங்கக்கூடியது. கடையில் போடும் அளவுக்கு இது தாங்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரியாணிக்கு வைக்க ஒரு அட்டை, அதாவது 30 முட்டை. ஏலகிரியில் டிசம்பர் காலை, முட்டை 20 டிகிரியில் இருக்கிறது. பாத்திரத்தில் 4 லிட்டர் கொதிநீர். முப்பதையும் ஒன்றாக இறக்கினால் 96 டிகிரி நீர் 80 டிகிரிக்கும் கீழே போய் நிற்கும் அளவுக்கு முட்டைகள் சூட்டை உறிஞ்சும். வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் அதை மீண்டும் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 6 நிமிடம் எடுக்கும். இறக்கிய நொடியிலிருந்து 10 என்று எண்ணிய சமையல்காரருக்கு உண்மையில் கிடைத்தது 4 நிமிடக் கொதி. வேலூரிலும் இதே தவறைத்தான் செய்திருப்பார். அங்கே வெயிலில் முட்டையே 32, 33 டிகிரியில் இருந்ததாலும், நீர் 3 டிகிரி கூடுதலாகக் கொதித்ததாலும் தப்பித்துக்கொண்டார்.

மருந்து எளிது. அட்டையை இரண்டாகப் பிரித்து, 15 முட்டைக்கு 5 லிட்டர் வையுங்கள். நீர் 87 டிகிரிக்குக் கீழே இறங்காது, 3 நிமிடத்தில் மீளும். அதன் பிறகு 11 நிமிடம். பதினோராவது நிமிடத்தில் இருப்பதிலேயே பெரிய முட்டையை எடுத்து அறுத்துப் பார்த்துவிட்டு மற்றதை வெளியே எடுங்கள். அடுத்த முறை அதே பாத்திரம், அதே தண்ணீர், அதே பர்னர் என்றால் அறுத்துப் பார்க்கத் தேவையே இருக்காது. முப்பதையும் ஒரே ஈட்டில் போடத்தான் வேண்டும் என்றால் 10 லிட்டர் பாத்திரமும் பெரிய கடை அடுப்பும் வேண்டும்.

முட்டையின் குளிர். குளிர்காலத்தில் சமையலறையிலேயே கிடந்த முட்டைக்கு 1 நிமிடம் கூட்டுங்கள், ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்ததற்கு 2 நிமிடம். ஏலகிரியில் ஃப்ரிட்ஜ் முட்டைக்கு மொத்தம் 13 ஆகிறது. கூட்ட விருப்பமில்லை என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுவைத்து எடுங்கள்.

கொதி போலத் தோன்றுவது. பாத்திரத்தின் அடியில் குட்டிக் குட்டிக் குமிழ் ஒட்டிக்கொண்டு நிற்பது கொதி ஆகாது. அது நீரில் கரைந்திருந்த காற்று, 60, 70 டிகிரியிலேயே வந்துவிடும். பெரிய குமிழ் மேலே வந்து உடைந்து, நீர்ப்பரப்பு முழுக்கப் புரள வேண்டும். அதற்குப் பிறகு தீயைக் குறைக்கலாம். நீர் மெல்லப் புரண்டாலும் 96 டிகிரிதான், துள்ளிக் குதித்தாலும் 96 டிகிரிதான். தீயைக் கூட்டினால் கேஸ் செலவாகுமே தவிர சூடு ஏறாது.

உப்பு போட்டால்? லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு கொதிநிலையை உயர்த்துவது ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு. ஏலகிரி பறித்த 3 டிகிரியைத் திரும்பப் பெற லிட்டருக்கு 170 கிராம் உப்பு கொட்ட வேண்டும், அது ஊறுகாய்க் கணக்கு. சாதாரண மூடியும் அப்படித்தான், சூடு வெளியேறாமல் காக்கும், கொதிநிலையை உயர்த்தாது.

கடைசியாக, குக்கர். மலை உயரத்தை உண்மையிலேயே ஈடுகட்டுவது இது ஒன்றுதான். வெயிட் போட்ட குக்கரில் ஏலகிரியிலும் ஊட்டியிலும் 115 டிகிரிக்கு மேலே போகும். வெயிட் போடாமல் மூடினால் ஒரு பயனும் இல்லை, ஆவி தாராளமாக வெளியேறுவதால் உள்ளே வெறும் 96 டிகிரிதான். ஆனால் ஏலகிரி உயரத்தில் 1 நிமிடத்தை மிச்சப்படுத்த முட்டையைக் குக்கரில் போடுவது வீண் வேலை என்பது எங்கள் கருத்து. வெள்ளை ரப்பராகும், பாதி வெடிக்கும். ஊட்டி, லடாக்கின் லே மாதிரி ஊருக்குக் கொண்டுபோனால் அப்போது யோசிக்கலாம். முட்டை மூழ்கத் தண்ணீர், ஒரே ஒரு விசில், அடுப்பை அணைத்து 5 நிமிடம், மீதி ஆவியை மெதுவாக விட்டு உடனே பச்சைத் தண்ணீர். வெயிட்டைச் சட்டென்று தூக்கி ஆவியை விட்டால் ஓடுகள் பிளக்கும்.

## அறிகுறி 2: வெள்ளைக் கருவே கொழகொழவென்று இருக்கிறது

இதை உயரத்தின் கணக்கில் எழுதவே முடியாது. 3,500 மீட்டரில் இருக்கும் லேயில்கூட நீர் 88 டிகிரியில் கொதிக்கிறது, வெள்ளைக் கரு இறுக அதுவே போதும். உங்கள் தண்ணீர் கொதிக்கவே இல்லை, அல்லது கொதித்து அடங்கியபின் மீளவே இல்லை என்று அர்த்தம். கொதித்ததும் அடுப்பை அணைத்து மூடி வைக்கும் முறையைக் கையாள்பவர்களுக்குத்தான் இது அதிகம் நேரும். கீழ்ச் சமவெளியில் அந்த முறை ஒப்பேறும். மலைக் குளிரில், மெல்லிய அலுமினியப் பாத்திரத்தில், ஜன்னல் காற்று அடிக்கும் இடத்தில் வைத்தால் நீர் மளமளவென்று ஆறிவிடும். மலையில் இருக்கும்வரை அடுப்பை அணைக்காமல் சிறு தீயில் வைத்து எடுங்கள்.

அப்படியும் வெள்ளை இறுகவில்லை என்றால் அறிகுறி 5-க்குப் போங்கள், கோளாறு அடுப்பில் இருக்கிறது.

இப்படிப் பாதி வெந்ததைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. இன்னும் ஓடு உரிக்காத முட்டைகளைத் திரும்பக் கொதிநீரில் 4 நிமிடம் விட்டு எடுக்கலாம். உரித்துவிட்டால் மசாலாவில் போட்டுக் கொதிக்கவிடுவதே வழி. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் மஞ்சள் கரு முழுக்கக் கெட்டியான முட்டையை மட்டும் கொடுங்கள்.

## அறிகுறி 3: வெந்துவிட்டது, ஆனால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம்

மலைக்கு வந்தவர்கள் பயத்தில் 20 நிமிடம் வேகவைப்பதன் விளைவு. வெள்ளைக் கருவிலிருந்து வரும் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேரும் இடத்தில் படியும் நிறம் இது. தின்றால் கெடுதல் இல்லை, பிரியாணித் தட்டில் பார்க்கத்தான் நன்றாக இருக்காது.

நேரம் சரியாகத்தான் வைத்தேன், அப்படியும் வளையம் வருகிறது என்றால் ஆறவைத்ததைப் பாருங்கள். சுடுதண்ணீரிலேயே விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால் முட்டை உள்ளே வெந்துகொண்டே இருக்கும். எடுத்த உடனே பச்சைத் தண்ணீரில் போட்டு, அது வெதுவெதுப்பானதும் ஒரு தரம் மாற்றி, 5 நிமிடம் விடுங்கள். இந்த ஒரு காரியத்தில் மலைக்காரர்களுக்குத்தான் வசதி. குழாய்த் தண்ணீரே சில்லென்று வரும். மே மாதத்து வேலூரில் மாடித் தொட்டித் தண்ணீரே சுடும், அங்கே பானைத் தண்ணீரோ ஐஸோ தேட வேண்டும்.

## அறிகுறி 4: ஓடு வெடிக்கிறது, உரிக்கவும் வரவில்லை

இரண்டையும் சேர்த்துச் சொல்லக் காரணம், ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றைக் கெடுக்கும். பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றினால் வெடிப்பு குறையும், ஆனால் வெள்ளை ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். கொதிநீரில் போட்டால் அழகாக உரியும், ஆனால் சில்லிட்ட முட்டை விரிசல் விடும். நாங்கள் சொல்வது கொதிநீர்தான். குளிர்ந்த முட்டையை முன்பே வெதுவெதுப்பாக்கி, கரண்டியில் வைத்து மெதுவாக இறக்கி, மறுபடி கொதித்ததும் தீயைக் குறைத்துவிட்டால் வெடிப்பு அபூர்வம். முட்டைகள் பாத்திரத்தில் குதித்து ஒன்றோடொன்று மோதுவதுதான் பாதி விரிசலுக்குக் காரணம். உப்பு இங்கேதான் பயன்படும். கசியும் வெள்ளை சீக்கிரம் இறுகி விரிசலை அடைத்துக்கொள்ளும்.

இத்தனைக்குப் பிறகும் உரியவில்லை என்றால் முட்டை மிகப் புதிது. அன்றைக்கு இட்ட நாட்டு முட்டை எந்த ஊரிலும் உரியாது, ஒரு வாரம் ஆனதுதான் உரியும். அகன்ற முனையில் தட்டி, காற்றுப்பை இருக்கும் இடத்திலிருந்து, தண்ணீருக்குள்ளேயே வைத்து உரியுங்கள்.

வண்டியில் மலையேறும்போதே விரிசல் விட்டு ஈரம் கசிந்திருந்த முட்டையை வேகவைக்காமல் எறிந்துவிடுங்கள்.

## அறிகுறி 5: தண்ணீர் கொதிக்கவே நெடுநேரம் ஆகிறது

இதை உயரத்தோடு குழப்பாதீர்கள். மலையில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால், மற்றதெல்லாம் சமமாக இருந்தால், கொஞ்சம் முன்னதாகவே கொதிக்க வேண்டும். தாமதம் என்றால் அடுப்பைச் சந்தேகப்படுங்கள்.

சோதனை இது. ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீர், தட்டையான அடி உள்ள பாத்திரம், மூடி, பெரிய பர்னர், முழுத் தீ. 5, 6 நிமிடத்தில் கொதித்தால் அடுப்பு நலம். 9 நிமிடத்தைத் தாண்டினால் கீழே உள்ளதை வரிசையாகப் பாருங்கள்.

காற்று அடிக்கிறதா, தீ பாத்திரத்தை விட்டு ஒதுங்கி எரிகிறதா என்று பாருங்கள். திண்ணையிலும் கூடாரத்திலும் சமைப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும், மூன்று பக்கம் தகரத் தடுப்பு போதும்.

பிறகு தீயின் நிறம். மஞ்சளாக எரிந்து பாத்திர அடியில் கரி பிடித்தால் பர்னர் துளைகள் பால் பொங்கி அடைத்திருக்கும். ஆறியபின் பர்னரை எடுத்து, ஊசியால் குத்தி, கழுவி, முழுக்கக் காயவைத்துப் போடுங்கள்.

தீ நீலம்தான், ஆனால் சிறுத்து எரிகிறது, அதுவும் விடியற்காலையில் மட்டும் என்றால் சிலிண்டருக்குக் குளிர். குளிரில் உள்ளே திரவம் ஆவியாவது மந்தப்படும், பாதிக்கு மேல் காலியான சிலிண்டரில் இன்னும் மோசம். வெயில் ஏறியதும் தானே சரியானால் இதுதான். சிலிண்டரைச் சிமெண்டுத் தரையிலிருந்து மரப்பலகை மேல் மாற்றி, நிமிர்த்தியே வையுங்கள். சுடுதண்ணீர் ஊற்றுவதும், சிலிண்டரைப் படுக்க வைப்பதும், அடுப்புக்கு அருகில் நகர்த்துவதும் கூடவே கூடாது.

பகலிலும் சிறுத்தே எரிந்தால் ரெகுலேட்டர், டியூப், உள்ளே இருக்கும் ஜெட் என்று போகும். இங்கே உங்கள் கை நிற்க வேண்டும். ஜெட்டைக் கம்பியால் குத்திப் பெரிதாக்கினால் தீ கொழுந்துவிட்டு மஞ்சளாகும், பிறகு சரிசெய்யவே முடியாது. சிலிண்டர் எடுத்த ஏஜென்சியிலேயே மெக்கானிக்கைக் கேளுங்கள். வாடை அடித்தால் சோதனையெல்லாம் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்த மின் சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். குக்கரில் ஆவி ஓரமாகக் கசிந்தால் காஸ்கெட்டை மாற்றிப் பாருங்கள். சேஃப்டி வால்வு ஒருமுறை உருகிவிட்டால் அதே கம்பெனி வால்வைச் சர்வீஸ் கடையில் போட்டுக்கொள்ளுங்கள், ஈயம் வைத்து அடைக்கச் சொல்லாதீர்கள்.

## எதுவும் பிடிபடவில்லை என்றால்

ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கொதிநீரில் விட்டால் உடைந்துபோகும். முதலில் நொறுக்கிய ஐஸ் தண்ணீரில் வைத்து 0 காட்டுகிறதா பாருங்கள், 2 காட்டினால் எல்லா அளவிலும் 2 கழித்துக்கொள்ள வேண்டும். பிறகு நன்றாகப் புரளும் நீரில், முனை பாத்திர அடியைத் தொடாமல் பிடியுங்கள். ஏலகிரி அத்தனாவூரில் 96-ஐ ஒட்டிக் காட்டினால் மலை தன் கணக்கைச் சரியாகத்தான் எடுத்திருக்கிறது. 90 காட்டினால் உங்கள் தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. 96 காட்டியும், மறுகொதியிலிருந்து 13 நிமிடம் வைத்தும் நடுவில் ஈரம் இருந்தால் முட்டையைத் தராசில் வையுங்கள். 70 கிராம் காட்டும் வாத்து முட்டைக்கு நீங்கள் கோழி முட்டைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கலாம்.